சாமைக்கு மாறியும் சாப்பிட்ட பின் சுகர் ஏன் இறங்கவில்லை?

*"வணக்கம் மேடம். வயது 54, மூன்று வருடமாக சுகர். காலை, இரவு மெட்ஃபார்மின் மட்டும்தான். வெள்ளைச் சோறு கூடாது என்று எல்லோரும் சொன்னதால் ஐந்து மாதமாகத் தொடவில்லை. காலையும் இரவும் ஐந்து இட்லி, மதியம் சாமைச் சோறு. சோறு சாப்பிட்ட காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 212 இருக்கும். இப்போது 204. காலையில் ராகிக் கூழ் குடித்த ஒரு நாள் 231 காட்டியது. சிறுதானியம் என்று சொல்வதெல்லாம் பொய்யா? பருப்பு நல்லது என்கிறார்கள், ஆனால் எனக்கு வாயுத் தொல்லை. நான் என்னதான் சாப்பிடுவது?"*

வணக்கம். முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவற்றை வைத்துத்தான் இவ்வளவு மனவருத்தம். வீட்டில் வைத்திருக்கும் சுகர் மிஷின்களுக்கு உள்ள சர்வதேசத் தரமே, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்றுதான் அனுமதிக்கிறது. அதாவது உண்மையான அளவு 200 என்றால் மிஷின் 170-ம் காட்டலாம், 230-ம் காட்டலாம், இரண்டுமே மிஷின் ஒழுங்காக வேலை செய்வதாகத்தான் அர்த்தம். ஆக உங்கள் 212-ம் 204-ம் ஒரே எண்தான். 231-கூட வேறு எண் என்று ஒரே ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. சாமை உங்களைக் காப்பாற்றவும் இல்லை, கூழ் உங்களைக் கெடுக்கவும் இல்லை, இந்த மூன்று எண்களை வைத்து அப்படி எதையுமே முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது: சாப்பிட உட்காரும்போது எவ்வளவு இருந்தது? 204-க்கு முன்னால் 150 இருந்தால் அந்தச் சாப்பாடு ஏற்றியது வெறும் 54. முன்னால் 105 இருந்தால் 99. முதல் நிலையில் மதியத் தட்டின் மேல் பெரிய குற்றம் இல்லை, காலை இட்லியோ வெறும் வயிற்று அளவோதான் பிரச்சினை. இரண்டாம் நிலையில் தட்டைத்தான் மாற்ற வேண்டும். சாப்பிட்ட பிறகு எடுத்த ஒற்றை எண்ணில் இந்த இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

சரி, இப்போது தட்டுக்கு வருகிறேன். சோறு, இட்லி, சாமை, பருப்பு நான்கிலும் சுகரை ஏற்றுவது ஒரே பொருள்தான், மாவுச்சத்து. குடலில் அது உடைந்து குளுக்கோஸாக ரத்தத்துக்குள் போகிறது. வித்தியாசம் இரண்டே இடத்தில்: எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது. சுகர் இல்லாதவருக்கு உணவு வயிற்றுக்குப் போன சில நிமிடங்களிலேயே கணையம் ஒரு முதல் தவணை இன்சுலினைச் சட்டென்று விட்டுவிடும். சர்க்கரை நோயில் சீக்கிரமே போய்விடுவது இந்த முதல் தவணைதான். பிறகு மெதுவாக வரும் இன்சுலின் உங்களுக்கு இன்னும் இருக்கிறது. அதனால் வேகமாக வரும் குளுக்கோஸைத்தான் உங்கள் உடம்பால் பிடிக்க முடியவில்லை. அதே அளவு குளுக்கோஸ் மூன்று மணி நேரத்துக்குப் பரவி வந்தால் ஓரளவு சமாளித்துவிடும். சாப்பிட்ட பின் சுகர் ஏறி இறங்குவதை ஒரு தாளில் கோடாக வரைந்தால், முதல் வகைச் சாப்பாட்டுக்கு மலை உச்சி போலவும், இரண்டாவதற்குத் தாழ்ந்த மேடு போலவும் வரும். நமக்கு வேண்டியது அந்த மேடு.

வெள்ளைச் சோறு ஏன் உச்சியாக ஏறுகிறது என்றால், தவிடும் முளையும் தீட்டிப் போனபின் மிஞ்சுவது ஏறக்குறைய மாவுச்சத்து மட்டும்தான். தண்ணீரில் வேகும்போது அந்த மாவுச்சத்து ஊதி, இளகி, திறந்துகொள்கிறது, நம் செரிமான நொதிகளுக்கு வேலையே மிச்சமில்லை. சுத்த குளுக்கோஸை 100 என்று வைத்து மற்ற உணவுகளை அளக்கும் கிளைசீமிக் குறியீடு என்ற கணக்கை 1981-ல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்தார்கள். நம் பொன்னி அரிசியைச் சென்னையில் அப்படி அளந்தபோது 70 வந்தது, சோனா மசூரி 72. உயர்ந்த பிரிவு தொடங்குவதே 70-ல்தான். குழைய வடித்தால் இன்னும் வேகம். இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதுதான், அதனால்தான் சோற்றை விட்டீர்கள்.

ஆனால் விட்ட சோறு இட்லி என்ற பெயரில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை திரும்பி வந்துவிட்டதே, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டு மாவில் ஒரு கிலோ இட்லி அரிசிக்கு கால் கிலோ உளுந்து போடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசியில் மாவுச்சத்து 780 கிராம், கால் கிலோ உளுந்தில் 125 கிராம் போல. ஆக அந்த மாவில் இருக்கும் மொத்த மாவுச்சத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கும் மேல் அரிசியினுடையது. புளிக்கும்போது நுண்ணுயிர்கள் சாப்பிடுவது அதில் சொற்பம். புளிப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு எதிராக நாம் என்ன செய்கிறோம் பாருங்கள்: அரிசியை ஊற வைத்து, கிரைண்டரில் நைசாக அரைத்து, காற்று ஏற்றிப் பஞ்சு போல வேக வைக்கிறோம். முழு அரிசியை மென்று உடைக்க வேண்டிய வேலையைக்கூட கிரைண்டர் முடித்துவிட்டது. அளந்து பார்த்தவர்கள் இட்லிக்கும் 70-லிருந்து 80 வரையிலான குறியீடுதான் சொல்கிறார்கள், அதாவது சோற்றுக்குப் பக்கத்தில்.

காய்ச்சல் வந்த குழந்தைக்கு நாம் இட்லி கொடுப்பது அது சீக்கிரம் செரிக்கும் என்பதால். என் அப்பாவுக்கு சுகர் வந்தபோது வீட்டில் எல்லோரும் இட்லிக்கு மாறினோம், எண்ணெய் இல்லை, லேசான சாப்பாடு என்று. லேசாக, சீக்கிரம் செரிப்பது என்றால் குளுக்கோஸ் சீக்கிரம் ரத்தத்துக்கு வருவது என்றுதானே பொருள், அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து. ஐந்து இட்லி 60 கிராம். அது 200 கிராமுக்கு மேல் வடித்த சோறு, கிட்டத்தட்ட ஒரு கட்டு கட்டிய சோறு. அதுவும் காலையில். பலருக்கும் காலையில் உடம்பு இன்சுலினுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது, அதே ஐந்து இட்லி இரவை விடக் காலையில் கூடுதலாக ஏற்றும். அதனால் காலை எண்ணையும் மதிய எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது.

இட்லியில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. எண்ணெயோ நெய்யோ இல்லாததால் உச்சி சீக்கிரமே, ஒரு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடலாம், இரண்டு மணி நேரத்தில் நீங்கள் ஊசி குத்தும்போது இறங்க ஆரம்பித்திருக்கும். எண் பரவாயில்லை போலத் தெரியும். வெண்பொங்கல் சாப்பிட்ட அன்று நேர் எதிர்: நெய் வயிற்றைப் பிடித்து வைத்திருப்பதால் இரண்டு மணி நேரத்தில் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும், மூன்றாவது மணி நேரத்தில்தான் உண்மை தெரியும். பொங்கல் இட்லியை விட நல்லது என்று சிலர் என்னிடம் எண்களோடு வந்து வாதாடுவது இதனால்தான்.

இனி உங்கள் சாமை. சிறுதானியம் பொய் இல்லை, ஆனால் கடையில் விற்கும் சாமை பெரும்பாலும் நீங்கள் நினைக்கும் சாமை இல்லை. சாமை, வரகு, தினை, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் மேலே உமி உண்டு, அதை எடுக்காமல் சாப்பிட முடியாது. உமியை மட்டும் எடுத்தால் தவிடு தங்கும். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில வாரங்களில் சிக்கு வாடை வரும், பூச்சி சீக்கிரம் பிடிக்கும், கடைக்காரருக்கு நஷ்டம். அதனால் அரிசியைப் போலவே தீட்டிவிடுகிறார்கள். தீட்டிய சாமை, தவிடு போன வெள்ளைச் சோற்றின் இன்னொரு வடிவம்தான். உங்கள் டப்பாவைத் திறந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று, ஒரே நிறமாக, பளபளப்பாக இருந்தால், பத்து நிமிடத்தில் வெந்து குழைந்துவிட்டால், ஆறு மாதமானாலும் வாடை வராமல் இருந்தால், அது தீட்டியது. தவிடு உள்ளது மங்கலாக, பழுப்போ சாம்பலோ கலந்த நிறத்தில், மணிக்கு மணி கொஞ்சம் வேறுபட்டு இருக்கும், ஊற வைக்காமல் வேகாது, வாயில் மெல்ல வேண்டியிருக்கும். அந்த மெல்லும் வேலைதான் நமக்கு வேண்டியது.

அளவும் இருக்கிறது. பச்சை அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையில் 65 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். நல்லது என்று நம்பி ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டாலே அந்த லாபம் கரைந்துவிடும், ஐந்து மாதமாக உங்கள் வீட்டில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ராகியின் கதை வேறு. அதன் தோல் மணியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அதைச் சாமை போல் எளிதில் தீட்ட முடியாது, தோலோடுதான் மாவாக்குகிறோம். நார், கால்சியம் எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆனால் நைசாக அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கரைத்துக் குடிக்கும்போது அந்த நாரால் வேகத்தைத் தடுக்க முடிவதில்லை. கரைத்த கூழ் மெல்லாமலே இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. முளைகட்டிய ராகி மாவு என்றால் முளைக்கும்போதே மாவுச்சத்து பாதி உடைய ஆரம்பித்திருக்கும், இன்னும் வேகம். ராகி சாப்பிட ஆசை என்றால் கூழை விட்டுவிட்டு, கீரையும் வெங்காயமும் நிறையப் போட்ட அடையாக ஒன்று சாப்பிடுங்கள். தானியத்தின் பெயரை விட அது முழு மணியா, ரவையா, மாவா, கரைசலா என்பதை முதலில் கேளுங்கள்.

பருப்பு இவை மூன்றிலிருந்தும் உண்மையிலேயே வேறு சாதி. பயறு, கடலை வகைகளின் குறியீடு 30-ஐ ஒட்டியே நிற்கிறது. காரணம் அதன் உள்கட்டமைப்பு. பருப்பின் மாவுச்சத்து கெட்டியான செல் சுவர்களுக்குள் பொட்டலம் கட்டியது போல இருக்கிறது, வெந்த பிறகும் அந்தச் சுவர்கள் பெரும்பாலும் உடைவதில்லை, நொதிகள் உள்ளே நுழைய நேரம் எடுக்கும். மாவுச்சத்திலேயே நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும் அமைலோஸ் என்ற வகை கூடுதல், சுற்றிலும் புரதம். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மிச்சம் அங்கே நொதிக்கிறது, அதன் விளைவுகளில் ஒன்று, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கும் சுகர் குறைவாக ஏறுவது. 1982-லேயே ஜென்கின்ஸ் குழு இதைக் கவனித்து எழுதியது: காலையில் பயறு சாப்பிட்டவர்களுக்கு மதிய உணவின் ஏற்றமும் குறைந்தது. உங்கள் வாயுவும் அதே நொதித்தலில் வருவதுதான்.

ஆனால் நான்தான் தினம் சாம்பார் ஊற்றிக்கொள்கிறேனே என்று சொல்லாதீர்கள். நான்கு பேர் வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டு, அதை இரண்டு வேளைக்கு வைத்துக்கொண்டால், ஒரு வேளைக்கு ஒருவருக்கு 12 கிராம் பருப்பு, 3 கிராம் புரதம். சோற்றின் மலையை அது அசைக்காது. அசைக்க வேண்டும் என்றால் ஒரு வேளைக்கு 40, 50 கிராம் பருப்போ பயறோ வேண்டும், அதுவும் சோற்றின் மேல் கூடுதலாக அல்ல, சோற்றைக் குறைத்த இடத்தில். பயறிலும் மாவுச்சத்து உண்டு, இரண்டையும் சேர்த்து ஏற்றினால் மேடு திரும்ப மலையாகிவிடும். கடைந்த பருப்பை விட முழுப் பயறு மேல், மணி உடையாமல் இருப்பதால்.

உங்கள் மதியத் தட்டை வைத்தே ஒரு கணக்கு போடுவோம். இப்போது நீங்கள் ஒரு வேளைக்கு 110 கிராம் சாமை வேக வைக்கிறீர்கள் என்று வைத்தால் அதில் 72 கிராம் மாவுச்சத்து, முழுக்க வேகமானது. அதற்குப் பதிலாக 50 கிராம் அரிசி, ஆமாம், நீங்கள் விட்ட அதே புழுங்கல் அரிசி, அதில் 39 கிராம். கூடவே 50 கிராம் பச்சைப்பயறு சுண்டலாக, அதில் 23 கிராம், மெதுவானது. மொத்தம் 62. குறைந்தது பத்தே கிராம்தான், ஆனால் வேகமாகப் போகும் பங்கு 72-லிருந்து 39-ஆக இறங்கிவிட்டது, புரதமும் 12 கிராம் சேர்ந்துவிட்டது. அதோடு இரண்டு கை நிறைய ஏதாவது ஒரு பொரியல், கடைசியில் மோர். சாமைதான் பிடிக்கும் என்றால் தவிடுள்ள சாமையை அதே 50 கிராம் வையுங்கள், இன்னும் கொஞ்சம் நல்லது.

சாப்பிடும் வரிசையையும் மாற்றுங்கள். சுண்டலும் பொரியலும் முதலில், பத்து நிமிடம் கழித்துச் சோறு. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-ல் உங்களைப் போல மெட்ஃபார்மின் எடுக்கும் 11 பேரை வைத்து இதைப் பார்த்தார்கள். ஒரே சாப்பாடுதான், ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில், இன்னொரு நாள் காய்கறியும் கோழிக்கறியும் முதலில். இரண்டாம் முறையில் ஒரு மணி நேர அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் செய்து பார்க்கச் செலவு ஒன்றும் இல்லை. நம் இலையில் சோற்றை முதலில் குவித்துத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் காய் வைக்கிறோம், அந்தப் பழக்கம்தான் இதற்குத் தடை.

காலைக்கு இட்லியை அடியோடு விடச் சொல்லவில்லை. இரண்டு இட்லி, ஒரு கப் கெட்டிச் சாம்பார் அல்லது கொத்தமல்லிச் சட்னியோடு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ. மற்ற நாட்களில் அடை: அரிசி ஒரு பங்கு, கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து சேர்ந்து இரண்டு பங்கு, கொரகொரவென்று அரைத்தது, நைசாக அரைத்தால் பருப்பின் அந்தச் செல் சுவர்களை நாமே உடைத்ததாகிவிடும். இரண்டு அடை போதும்.

வாயுவுக்குப் பயந்து பயறை ஒதுக்க வேண்டாம். முதல் வாரம் 15 கிராமில் ஆரம்பியுங்கள், இரண்டு மேஜைக் கரண்டி அளவு வெந்த பயறு. வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள், குடல் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். இரவே ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேக வையுங்கள், பெருங்காயமும் இஞ்சியும் வழக்கம் போல. கொண்டைக்கடலையை விடப் பச்சைப்பயறு பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், அதிலிருந்து தொடங்குங்கள். சிறுநீரகத்தில் கோளாறு, கிரியேட்டினின் கூடுதல் என்று யாராவது சொல்லியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகு பயறைக் கூட்டுங்கள்.

இப்போது அளக்கும் முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு ஊசி குத்துங்கள், விரலில் மாம்பழச் சாறோ பாயசமோ ஒட்டியிருந்தாலே எண் எகிறும். சாப்பிட உட்காரும் முன் ஒன்று, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. சாப்பிட்டு முடித்ததிலிருந்து எண்ணாதீர்கள், நீங்கள் அரை மணி நேரம் சாப்பிட்டால் கணக்கு அரை மணி நேரம் தள்ளிப்போகும். ஒரே சாப்பாட்டை, அதே அளவில், அதே வேளையில், இரண்டு மூன்று நாள் அளந்து, பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சாமையையும் மாற்றி, வரிசையையும் மாற்றி, சாப்பிட்டதும் நடக்கவும் ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 15 நிமிட நடை நிச்சயம் உதவும், அதை மூன்றாவது வாரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது ஏற்றத்தை, அதாவது பின் எண்ணிலிருந்து முன் எண்ணைக் கழித்தது. பழைய தட்டில் அந்த ஏற்றம் இரண்டு மூன்று நாளும் 90, 100 என்று இருந்து புதிய தட்டில் 50, 55 என்று வந்தால் அது மிஷினின் பிழை இல்லை, தட்டின் வேலை.

உங்களுக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்பதால் சோற்றைக் குறைத்தால் சுகர் அபாயமாக இறங்கும் பயம் மிகக் குறைவு. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்யாமல் திடீரென்று தட்டைப் பாதியாக்க வேண்டாம், மயக்கம் வரும்.

புதிய மதியத் தட்டில் மூன்று நாள், பழைய தட்டில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அந்த மூன்று எண்கள், கூடவே காலை வெறும் வயிற்று எண். இதை எழுதி அனுப்புங்கள். வெறும் வயிற்றிலேயே 140, 150 இருந்தால் தட்டோடு மட்டும் முடியாது, மெட்ஃபார்மின் அளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டிவரும், அந்தத் தாளையே அவரிடமும் காட்டுங்கள்.